ஜாதகம் முதலில், முகம் பிறகு



போன பதிவில் மலைக்கோட்டை ஏறின கதையை எழுதியபோது, நம்ம 1998 பேட்ச் மாணவி ஒருத்தி கீழே கேட்டிருந்தாள்: "சார், பொண்ணுக்கு வரன் பாக்க ஆரம்பிச்சிருக்கோம். மொதல்ல ஜாதகத்தக் குடுக்கறதா, மொதல்ல நேர்ல பாத்துப் பேசறதா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க." நான் அன்றே பதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏனென்றால் இந்த விஷயத்தில் நானே ஒரு தப்புச் செய்தவன். அதைச் சொல்லாமல் பதில் மட்டும் சொன்னால் அது நேர்மையாக இருக்காது. என் தங்கையிடமும் அவள் மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேர் போடாதீங்க மாமா, மத்தத எழுதுங்க" என்றாள் பிள்ளை.

மூன்று வருடத்துக்கு முன்னால், தை மாதம். தங்கை வீடு வத்தலக்குண்டு. மருமகப் பிள்ளை சென்னையில் வேலையில் இருந்தாள். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு நல்ல குடும்பம், பையன் கோயம்புத்தூரில் வேலை, அப்பா காய்கறி மண்டியில் கமிஷன் கடை. தெரிந்தவர் மூலம் வந்த வரன். அவர்கள் ஜாதகம் கேட்டபோது, தங்கை இங்கே திண்டுக்கல்லில் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்திருந்த ஜாதகத்தை போட்டோ எடுத்து அனுப்பினாள். மிருகசீரிடம் ஒன்றாம் பாதம், ரிஷப ராசி. பையன் அஸ்தம், கன்னி ராசி. பையனின் அக்கா போனில் ஒரு செயலியில் இரண்டு நட்சத்திரத்தையும் போட்டுப் பார்த்துவிட்டு, "பொருத்தம் நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டது.

அதற்கு மேல் யாரும் பார்க்கவில்லை. தங்கை மட்டும், "அவங்க வீட்டு ஜோசியரும் பாத்துட்டாரானு ஒரு வார்த்தை கேளுண்ணே" என்றாள். நான்தான், "ஜாதகத்த அப்புறம் பாத்துக்கலாம், பிள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் பாக்கட்டும். இந்தக் காலத்துல மனசுதான் முக்கியம்" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். கணக்கு வாத்தியாருக்கு முற்போக்கு வாத்தியார் என்று பெயர் எடுக்கும் ஆசையும் கொஞ்சம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து பதினான்கு பேர் வந்தார்கள். கேசரி, வடை, காபி. எல்லோருக்கும் எல்லோரையும் பிடித்துவிட்டது. பையனும் பெண்ணும் மாடியில் அரை மணி நேரம் பேசினார்கள். போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த நாற்பது நாள் தினமும் பேச்சுதான். எந்த ஊரில் வீடு பார்ப்பது, இவள் வேலையைக் கோயம்புத்தூருக்கு மாற்ற முடியுமா என்பது வரைக்கும் போய்விட்டது. பங்குனிக்கு முன்னால் நிச்சயம் செய்துவிடலாம் என்று தேதி பார்க்கக் கிளம்பினார்கள்.

தேதி குறிக்க பையனின் அப்பத்தா இரண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு அவர்களுடைய பூர்வீக ஊர் ஜோசியரிடம் போயிருக்கிறது. அவர் கம்ப்யூட்டர் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் வாங்கி, தன் பஞ்சாங்கத்தை வைத்துத் தானே கட்டம் போட்டிருக்கிறார். பிள்ளையின் நட்சத்திரம் மிருகசீரிடம் இல்லை, ரோகிணி என்று வந்திருக்கிறது. ரோகிணியும் அஸ்தமும் ஒரே ரஜ்ஜு. அதிலும் கண்ட ரஜ்ஜு. "பொண்ணுக்கு ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டார்.

அன்று இரவு பத்து மணிக்குப் பையனின் அப்பா எனக்குப் போன் செய்தார். அவர் குரலே சரியில்லை. "சார், எங்களுக்கு இதுல பெருசா ஒண்ணும் கெடையாது. ஆனா எங்கம்மா அழுகுது. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட இதத்தான் சொல்லும். என்ன செய்யட்டும்?" என்றார். நான் என்ன பதில் சொல்ல? எங்களை யாரும் ஏமாற்றவில்லை. அந்த ஜோசியரும் பொய் சொல்லவில்லை. திண்டுக்கல்லில் எடுத்த ஜாதகமும் பொய் இல்லை.

இது எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது, பலருக்கு அது தெரிவதும் இல்லை.

நம் ஊரில் இரண்டு வகைப் பஞ்சாங்கம் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று வாக்கியம், இன்னொன்று திருக்கணிதம். வாக்கியம் என்பது பழைய சூத்திர வாய்பாடுகளை வைத்துக் கணிப்பது. கோயில்கள் பலவற்றிலும், கிராமத்துப் பழைய ஜோசியர்களிடமும் அதுதான். திருக்கணிதம் வானத்தில் கிரகம் இன்று நிற்கும் இடத்துக்கு ஏற்பத் திருத்திக் கணிப்பது. கம்ப்யூட்டர் ஜாதகம் பெரும்பாலும் இதில்தான் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. ஆனால் வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே பெயர்ச்சியை 2023 டிசம்பர் 20 அன்றுதான் கொண்டாடினார்கள். ஒரே சனி, ஒரே கும்பம், இடையில் பதினோரு மாதம்.

சந்திரனுக்கு அவ்வளவு வித்தியாசம் வராது. ஆனால் சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள்தான் எடுத்துக்கொள்கிறது. அது எப்போது அடுத்த நட்சத்திரத்துக்குள் நுழைகிறது என்பதில் இரண்டு பஞ்சாங்கமும் சில நாள் சில நிமிடமும், சில நாள் மணிக்கணக்கிலும் வேறுபடும். எங்கள் பிள்ளை பிறந்தது காலை 6.40. அன்று திருக்கணிதத்தில் ரோகிணி 5.50க்கு முடிந்துவிட்டது. வாக்கியத்தில் 7.35 வரைக்கும் ரோகிணி. ஆக, ஒன்றின்படி மிருகசீரிடம் பிறந்து ஐம்பது நிமிடம் ஆகியிருக்கிறது. மற்றதின்படி ரோகிணி முடிய இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் இருக்கிறது. ராசி இரண்டிலும் ரிஷபம்தான். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

கணக்கு வாத்தியார் என்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு நாளில் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி இருந்தால், அன்றைய 24 மணி நேரத்தில் பிறக்கும் பன்னிரண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு இரண்டு நட்சத்திரம். அபூர்வமான விஷயம் இல்லை இது.

நட்சத்திரம் ஒன்று தள்ளிப்போனால் என்ன என்று கேட்கலாம். பொருத்தம் பத்தில் மற்ற ஒன்பதையும் விட்டுக்கொடுக்கிற வீடுகள்கூட ரஜ்ஜுவை விடுவதில்லை. இருபத்தேழு நட்சத்திரத்தையும் தலை, கழுத்து, வயிறு, தொடை, பாதம் என்று ஐந்து கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே கூட்டத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. மிருகசீரிடம் தலைக் கூட்டம், அஸ்தம் கழுத்துக் கூட்டம். ஆகவே பொருந்தும். ரோகிணி, அஸ்தம் இரண்டும் கழுத்து. ஆகவே பொருந்தாது. கழுத்து ஒன்றானால் மனைவிக்குக் கண்டம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பத்தா அழுததன் காரணம் அதுதான். தன் பேரனுக்கு என்றால்கூட அது ஒருவேளை தைரியமாக இருந்திருக்கும். வரப்போகிற பிள்ளைக்கு என்றதும் பயந்துவிட்டது. அந்தக் கிழவி மேல் எனக்கு இன்று வரைக்கும் கோபம் வரவில்லை.

எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று மாணவர்கள் சிலர் கேட்பீர்கள். எனக்குப் பெரிதாகக் கிடையாது. 1983இல் நான் கட்டியது என் அத்தை மகளை. "மொறப்பொண்ணுக்கு எதுக்குடா ஜாதகம்?" என்று அப்பா முடித்துவிட்டார். அவளுக்கு ஜாதகமே எழுதவில்லை. சோளம் அறுக்கிற சமயம், விடிகாலை, அவ்வளவுதான் தெரியும். நம் பக்கத்தில் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த வரைக்கும் பல விவசாயக் குடும்பங்களில் இதுதான் நிலைமை. வெளியில் தேட ஆரம்பித்த பிறகுதான், முன்பின் தெரியாத வீட்டைச் சலித்து எடுக்க ஜாதகம் முதல் சல்லடையாக வந்து நின்றது. ஆனால் என் நம்பிக்கையை வைத்து இன்னொரு வீட்டு அப்பத்தாவின் பயத்தை நான் கணக்குப் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்ல நான்தான் சென்னைக்குப் போனேன். சொன்னேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, இதையே அவரப் பாக்குறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா எனக்கு ஒரு பேப்பர்தான் போயிருக்கும்" என்றாள். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் எந்த வரனையும் பேசவிடவில்லை அவள்.

ஆகவே அந்த மாணவிக்கு என் பதில்: ஜாதகம் முதலில். அதுவும் முழுசாக, இரண்டு வீட்டிலும் பார்த்து முடித்து. அதற்குப் பிறகுதான் முகம். முகம் பார்த்த பிறகு ஜாதகத்தைத் திரும்ப எடுக்கவே கூடாது.

இதைச் சொன்னதும் பெங்களூரில் இருக்கிற நம் மாணவன் ஒருவன் போனில் சண்டைக்கு வந்தான். "சார், நீங்களே இப்படிச் சொல்லலாமா? ரெண்டு பேரும் பேசிப் பிடிச்ச பிறகு ஜாதகம் எதுக்கு?" என்றான். உன் வீட்டில் யாருமே ஜாதகம் பார்க்க மாட்டார்கள் என்றால் நீ சொல்வது சரிதான் தம்பி. அப்படிப்பட்ட வீடு, "நாங்க ஜாதகம் பாக்குறதில்ல" என்பதை முதல் போனிலேயே சொல்லிவிட வேண்டும். என் பேச்சு பார்க்கிற வீடுகளைப் பற்றி. பார்க்கிற வீட்டில் நீ முதலில் பழகிவிட்டால், பிறகு வருகிற ஜாதகம் ஒரு தாளைத் தள்ளாது, ஒரு ஆளைத் தள்ளும்.

அந்த முதல் போனில் என்ன பேச வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் கேள்வி குலதெய்வம். அதைக் கேட்காமல் ஜாதகத்தைக் கையில் எடுக்காதீர்கள். கும்பிடுகிற சாமி ஒன்றாக இருந்து பங்காளி என்று ஆகிவிட்டால், பத்துக்குப் பத்துப் பொருத்தம் இருந்தும் நம் பக்கத்தில் பயனில்லை. இரண்டாவது, நீங்கள் வாக்கியமா, திருக்கணிதமா? இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். எந்தப் பஞ்சாங்கம் என்று பல வீட்டில் தெரியாது; "எங்க ஜோசியரக் கேட்டுச் சொல்றோம்" என்பார்கள். கேட்டுச் சொல்லட்டும். மூன்றாவது கேள்விதான் நான் கேட்கத் தவறியது. உங்கள் வீட்டில் ஜாதகத்துக்குக் கடைசி வார்த்தை யாருடையது? அப்பாவா, பெரியப்பாவா, ஊரில் இருக்கிற அப்பத்தாவா? அவர் யாரிடம் பார்ப்பார்? அந்த ஆள் பார்த்துத் தலையாட்டும் வரைக்கும் அந்த வீட்டில் ஜாதகம் பார்த்ததாகவே அர்த்தமில்லை.

அனுப்பும்போது கட்டம் போட்ட தாளை மட்டும் அனுப்பாதீர்கள். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தெளிவாக எழுதி அனுப்புங்கள். அப்போதுதான் அவர்கள் ஜோசியர் முதல் நாளே தன் பஞ்சாங்கத்தில் போட்டுப் பார்ப்பார், நாற்பதாம் நாள் அல்ல. அந்த நேரம் சரியா என்பதை உங்கள் வீட்டில் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் நேரம் இருக்காது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய சீட்டு பீரோவில் எங்காவது இருக்கும், தேடுங்கள். லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறுகிறது. செவ்வாய் தோஷம் என்று பயப்படுகிறார்களே, அது லக்னத்திலிருந்து எத்தனையாம் வீட்டில் செவ்வாய் நிற்கிறது என்று எண்ணுவது. ஆறே முக்காலை "ஏழு மணி இருக்கும்" என்று அம்மா சொல்லி எழுதினால், லக்னம் மாறுகிற சமயமாக இருந்தால் இல்லாத தோஷம் வந்து ஒட்டிக்கொள்ளும், இருக்கிறது காணாமல் போகும்.

இரண்டு வீட்டு ஜாதகமும் ஒரே நாளில் கைமாற வேண்டும். பெண் வீடு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, பையன் வீடு பத்து ஜாதகத்தை வைத்துப் பொறுக்குவது என்ற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாளில் இரண்டு பக்கமும் பதில் சொல்லிவிட வேண்டும். போட்டோவை அதோடு சேர்த்து அனுப்பாதீர்கள். சேர்த்து அனுப்பினால் போட்டோ பிடிக்காதவர்களும் "ஜாதகம் சேரல" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்குத் தன் ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று ஒரு பயம் ஒட்டிக்கொள்ளும். பத்து வீடு அப்படிச் சொன்னால் பரிகாரம் தேடி அலைகிற நிலைமை வந்துவிடும். வாட்ஸ்அப் குழுக்களில் ஜாதகத்தைப் போடுவதும் வேண்டாம். பிள்ளையின் போட்டோவும் அம்மாவின் போன் நம்பரும் எந்த ஊரில் யார் கையில் இருக்கிறது என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

இதில் என் மச்சான் ஒருவர் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. "ஜாதகம் சேரலனு சொல்றது ஒரு மரியாதைங்க மாப்ள. நேர்ல பாத்துப் பிடிக்கலனா அதச் சொல்லித்தான் யாரு மனசும் நோகாம வெலகிக்கிறோம். அத முன்னாடியே முடிச்சிட்டா அப்புறம் எதச் சொல்லி வெலகறது?" என்றார். உண்மைதான். நானும் இரண்டு முறை அந்த வழியில் தப்பித்திருக்கிறேன். ஆனால் அந்த மரியாதைக்கு விலை கொடுப்பது எப்போதும் எதிர் வீட்டுப் பிள்ளை. "பிள்ளைக்குச் சரியாப் படல, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். முதல் தடவை நாக்கு எழாது. கேட்கிறவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

குலதெய்வக் கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பவர்களும் இதையே செய்யுங்கள். வெள்ளைப் பூவா, சிவப்புப் பூவா என்பதைப் பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு சாமியிடம் கேட்காதீர்கள். கேட்பதாக இருந்தால் ஜாதகம் பார்க்கும் அதே வாரத்தில் கேட்டுவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெண் பார்க்கப் போகமாட்டோம் அல்லவா, அந்த மாதங்கள் இந்த வேலைக்குத் தோது. ஆடியில் ஜாதகத்தை முடித்துவிட்டால் ஆவணியில் நேராகப் பார்க்கப் போகலாம்.

இனி முதல் சந்திப்பு. வீட்டில் வேண்டாம், பொது இடத்தில் இருக்கட்டும். வேன் நிறைய ஆள் வந்து இறங்கினால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நடக்காமல் போனால் "எத்தன பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க" என்று எண்ணுவதற்கும் ஆள் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று பேர், பிள்ளையும் அப்பா அம்மாவும். போன் நம்பர் அன்றே கைமாற வேண்டாம். இரண்டு நாள் யோசித்து, இரண்டு பிள்ளைகளும் சரி என்ற பிறகு வீட்டுக்கு வரலாம், அப்போது அப்பத்தாவும் பெரியப்பாவும் எல்லோரும் வரட்டும், கேசரியும் கிண்டலாம்.

தங்கை வீட்டில் இப்போது மறுபடியும் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. வேடசந்தூர் பக்கம். குலதெய்வம் வேறு. அவர்கள் வாக்கியம், நாங்கள் திருக்கணிதம். பிள்ளையை ரோகிணி என்று வைத்து ஒரு முறை, மிருகசீரிடம் என்று வைத்து ஒரு முறை, இரண்டு விதமாகவும் பார்க்கச் சொன்னோம். பையனின் தாத்தா தானே ஜோசியரிடம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, போனை வாங்கி என்னிடம், "ரெண்டுக்கும் சரியா இருக்கு வாத்தியாரே, இனி இந்தப் பேச்ச எடுக்க மாட்டோம்" என்றார். பிள்ளை இன்னும் போட்டோகூடப் பார்க்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நம்ம அபிராமி அம்மன் கோயிலில் ஆறு பேர் பார்க்கிறார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "ஏழாவது ஆளு வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட்டாள்.